ஆணையின் நகலைக் கொடுங்கள்

யூடியூபில் ஒரு படத்தைச் சொடுக்குகிறீர்கள். படம் ஓட வேண்டிய இடம் கறுத்துக் கிடக்கிறது. அதன்மேல் இப்படி எழுதியிருக்கிறது:

This content is currently unavailable in this country because of an order from the government related to national security or public order. For more details about government removal requests, please visit the Google Transparency Report (transparencyreport.google.com).

தேசப் பாதுகாப்பு அல்லது பொது ஒழுங்கு தொடர்பாக அரசு பிறப்பித்த ஆணையால் இந்த நாட்டில் இதைப் பார்க்க முடியாது, மேல்விவரம் வேண்டுமானால் அந்த முகவரிக்குப் போங்கள். அவ்வளவுதான் செய்தி. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் செய்தி அலைவரிசைகள் பலவற்றை இந்தியாவில் முடக்கியபோது பலர் இந்த வாசகத்தைப் பார்த்தார்கள். அதற்கு முன்னும் பின்னும், இந்நாட்டுக் குடிமக்கள் தங்கள் ஊரில் எடுத்த படங்களின்மேலும் இதே வாசகம் விழுந்திருக்கிறது.

இதைப் படிக்கும் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? எவனோ நாட்டுக்கு எதிராக எதையோ போட்டிருக்கிறான், அரசு கண்டுபிடித்துத் தூக்கிவிட்டது என்றுதானே? தேசப் பாதுகாப்பா, பொது ஒழுங்கா, இரண்டில் எது என்றுகூட அந்த வாசகம் சொல்லாது. எந்தச் சட்டப் பிரிவு, எந்தத் தேதி, எந்த அதிகாரி, படத்தின் எந்த நிமிடம், எந்தச் சொல் என்று எதுவும் இருக்காது. சரி, பார்ப்பவருக்குச் சொல்லாவிட்டால் போகிறது, எடுத்தவருக்காவது சொல்லியிருப்பார்கள் என்று எண்ணுவீர்கள். அங்கேதான் எங்கள் வயிறு எரிகிறது. எடுத்தவருக்கும் சொல்வதில்லை. சாலையில் போகிற யாரோ ஒருவர் தன் கைபேசியில் பார்ப்பதற்கு மேல் அந்தப் படத்தின் சொந்தக்காரருக்குத் தெரியவருவது அநேகமாக ஒன்றுமில்லை.

நான் அப்படி ஒரு படத்தை இழந்தவன். எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் கழிவுநீர் விடுவதை எதிர்த்து ஊர்மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அதைப் படமெடுத்தேன். போலீஸ் அவர்களை எழுப்பி வண்டியில் ஏற்றியதும் அதில் இருக்கிறது. வசைச் சொல் கிடையாது, யாரையும் தூண்டிவிடுகிற பேச்சு கிடையாது, பின்னணி இசைகூடக் கிடையாது. எந்தத் தளம், எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அதைப் பேச வேண்டிய இடம் வேறு. எனக்கு என்ன தெரிவிக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் படம் குறித்து அரசிடமிருந்து ஆணை வந்திருக்கிறது, உள்ளூர்ச் சட்டத்துக்கு இணங்க இந்தியாவில் அதைப் பார்க்க முடியாதபடி செய்திருக்கிறோம் என்று நாலு வரி. கீழே படத்தின் இணைப்பு. ஆணை இணைக்கப்படவில்லை. கேட்டு எழுதினேன். ஆணை ரகசியமானது, பகிர இயலாது என்று பதில் வந்தது. யாரிடம் கேட்பது என்று எழுதினேன். வேண்டுமானால் சட்ட ஆலோசனை பெறுங்கள் என்றார்கள். கையில் ஒரு தாள்கூட இல்லாதவன் எந்த வக்கீலிடம் போய் எதைக் காட்டுவான்?

அதைவிடக் கொடுமை, படங்களை நிர்வகிக்கும் என் பக்கத்தில் அந்தப் படம் அப்படியே இருந்தது. தலைப்பு இருந்தது, சிறுபடம் இருந்தது, எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடப்பட்டுள்ளது என்ற குறிப்பும் மாறாமல் இருந்தது. ஏனென்றால் படத்தை அழிக்கவில்லை, இந்தியா என்ற எல்லைக்குள் மட்டும் மறைத்திருக்கிறார்கள். மஸ்கட்டில் இருக்கிற நண்பர் தடையில்லாமல் பார்த்துவிட்டு, நல்லாத்தானே ஓடுது என்கிறார். பார்வைக் கணக்கைக் காட்டும் வரைபடத்தில் இந்தியாவுக்கான கோடு அந்த நாளோடு செங்குத்தாக விழுந்து தரையில் கிடக்கிறது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஒன்றிரண்டு பேர் பார்ப்பது மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. அந்தக் கண்மாய்த் தண்ணீரைக் குடிக்கிற ஒருவரும் பார்க்க முடியாது. பார்க்கிற ஒருவரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போவதில்லை.

படத்தில் பேசிய அப்பத்தா ஒருவர் பேரனின் கைபேசியில் அதைத் தேடியிருக்கிறார். ஆங்கிலத்தில் ஏதோ வந்திருக்கிறது. பேரன் படித்துப் பொருள் சொல்லியிருக்கிறான். இரவில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, நா பேசுனதுல எதுவும் வெனை வந்துருச்சா? போலீசுக்காரவுக வருவாகளா?"

"வரமாட்டாக அப்பத்தா. பயப்படாதீக."

"அப்ப எதுக்குப்பா நிப்பாட்டுனாக?"

"தெரியல அப்பத்தா."

"எடுத்தவன் நீ. ஒனக்கே தெரியலையா?"

இந்தக் கேள்வியைத்தான் நான் இந்நாட்டு அரசிடம் கேட்கிறேன். எடுத்தவன் நான். எனக்கே ஏன் தெரியக்கூடாது? வாழ்நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்ந்த ஒரு கிழவியின் முகத்தின்மேல் தேசப் பாதுகாப்பு என்று எழுதி ஒட்டினீர்களே, அவர் சொன்ன எந்தச் சொல்லால் இந்தத் தேசத்துக்கு ஆபத்து வந்தது?

பதிப்புரிமைப் புகாரில் ஒரு படம் நீக்கப்பட்டால் என்ன நடக்கிறது என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். புகார் கொடுத்தவர் யார் என்று படம் இருந்த இடத்திலேயே பெயர் தெரியும். எந்தப் பாட்டு, எந்தக் காட்சி என்று யூடியூப் ஸ்டுடியோவில் விவரம் இருக்கும். நான் செய்தது நியாயமான பயன்பாடு என்று சொல்லி எதிர் அறிவிப்பு அனுப்பலாம். அனுப்பிய பிறகு குறிப்பிட்ட நாட்களுக்குள் புகார்தாரர் வழக்குப் போடாவிட்டால் படம் திரும்ப வரும். தளத்தின் சொந்த விதிகளை மீறியதாகச் சொல்லி நீக்கினாலும் மேல்முறையீடு செய்ய ஒரு பொத்தான் இருக்கும். ஒரு சினிமாப் பாட்டின் சில நொடிகளைத் திருடியதாகச் சந்தேகிக்கப்படுகிறவனுக்கு இவ்வளவு வழி இருக்கிறது. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு செய்தான் என்று ஊரறியச் சொல்லப்படுகிறவனுக்குப் பொத்தானும் இல்லை, படிவமும் இல்லை, புகார்தாரரின் பெயரும் இல்லை.

திரையில் வரும் வாசகங்கள் எல்லாம் ஒன்றல்ல, அவற்றைப் பிரித்துப் படிக்க வேண்டும். படத்தை வெளியிட்டவர் உங்கள் நாட்டில் இதைக் கிடைக்கச் செய்யவில்லை என்று வந்தால், அது உரிமைதாரரே போட்ட எல்லை, கிரிக்கெட் போட்டிக்கும் சினிமாவுக்கும் அப்படி வரும். தனிப்பட்டது என்று வந்தால், எடுத்தவரே மூடிவைத்திருக்கிறார். This content is not available on this country domain due to a court order என்று வந்தால், ஏதோ ஒரு நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இதே வாசகத்தின் முடிவில் due to a legal complaint from the government என்று இருந்தால், அரசு சட்டப்படி புகார் கொடுத்திருக்கிறது. நான் முதலில் எழுதிய நீண்ட வாசகம் வந்தால், அதன் பின்னால் பெரும்பாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு இருக்கிறது. இந்த ஒன்றில்தான் கதவு முழுசாகச் சாத்தப்படுகிறது.

நீதிமன்ற உத்தரவும் நல்லதென்று சொல்லவில்லை. அதிலும் ஆளைக் கேட்காமல் அடிக்கிற வேலை நடக்கிறது. 2025 செப்டம்பர் 6-ஆம் தேதி டெல்லி ரோகிணி நீதிமன்றம் ஒன்று, அதானி எண்டர்பிரைசஸ் தொடுத்த அவதூறு வழக்கில், எதிர்த்தரப்பைக் கேட்காமலே ஓர் இடைக்காலத் தடை கொடுத்தது. பத்து நாள் கழித்துத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அந்த உத்தரவைச் சுட்டிக்காட்டி 138 யூடியூப் இணைப்புகளையும் 83 இன்ஸ்டாகிராம் பதிவுகளையும் பட்டியலிட்டு, 36 மணி நேரத்துக்குள் நீக்கச் சொன்னது. ரவீஷ் குமார், துருவ் ராத்தி, நியூஸ்லாண்ட்ரி, தி வயர் என்று அந்தப் பட்டியலில் இடம்பெற்றவர்களில் பலர் அந்த வழக்கில் பிரதிவாதிகளே கிடையாது. வழக்கு ஒருவர்மேல், வெட்டு இன்னொருவர்மேல்.

ஆனால் அங்கே ஒன்று நடந்தது. தாள் வெளியே வந்தது. எந்த நீதிமன்றம், எந்தத் தேதி, யார் வாதி, எந்தெந்த இணைப்பு என்று எல்லாம் தெரிந்தது. தெரிந்ததால்தான் பிரதிவாதிகளில் நான்கு பத்திரிகையாளர்கள் மேல்முறையீட்டுக்குப் போக முடிந்தது. செப்டம்பர் 18-ஆம் தேதி மாவட்ட நீதிபதி, அவர்களைக் கேட்காமல் அப்படி உத்தரவிட்டிருக்கக் கூடாது என்று அவர்களைப் பொறுத்தவரை அதை ரத்து செய்தார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. எதிர்த்தரப்புக்குச் சொல்லாமல் தடை வாங்கினால், மனுவின் நகலை உடனே அவருக்கு அனுப்ப வேண்டும். அந்த மனுவை முப்பது நாளுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும். பாதிக்கப்பட்டவர் தடையை நீக்கக் கோரலாம். இந்த விதிகள் எப்போதும் மதிக்கப்படுகின்றன என்று சொல்லமாட்டேன். கையில் தாள் இருந்தால் சண்டைபோட ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

69ஏ பிரிவில் அந்தத் தாளைத்தான் பூட்டி வைக்கிறார்கள். 2009-இல் நடைமுறைக்கு வந்த பிரிவு இது. இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு என்று சில காரணங்களுக்காக, காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து, மத்திய அரசு ஒரு தகவலை மக்கள் பார்க்காதபடி தடுக்கலாம். ஆணைக்குக் கீழ்ப்படியாத நிறுவனத்துக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. எனவே எந்தத் தளமும் முதலில் முடக்கிவிட்டுத்தான் மூச்சு விடும். அதை நான் புரிந்துகொள்கிறேன். அந்தப் பிரிவின் கூடவே 2009-இல் விதிகளும் வந்தன. விதி 8, தகவலை வெளியிட்டவரையோ தளத்தையோ அடையாளம் காண முயன்று, பதில் சொல்ல 48 மணி நேரத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறது. இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிகள் அடங்கிய குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். அவசரம் என்றால் விதி 9-இன்கீழ் நோட்டீஸ் இல்லாமலே தடுத்துவிட்டு, 48 மணி நேரத்துக்குள் குழுவின்முன் வைக்கலாம். கடைசியாக விதி 16: பெறப்பட்ட கோரிக்கைகள், புகார்கள், எடுத்த நடவடிக்கைகள் எல்லாவற்றையும் கண்டிப்பாக ரகசியமாக வைக்க வேண்டும்.

நடைமுறையில் என்ன செய்கிறார்கள் என்றால், வெளியிட்டவர், தளம் ஆகிய இருவரில் ஒருவருக்குத் தெரிவித்தால் போதும் என்று விதி 8-ஐ வாசித்து, தளத்துக்கு மட்டும் தெரிவிக்கிறார்கள். தளம் விதி 16-ஐக் காட்டி வாயை மூடிக்கொள்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டால் அதே விதி 16-ஐக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். தடுக்கச் சொன்ன அரசுக்குத் தெரியும், பரிசீலித்த குழுவுக்குத் தெரியும், அமெரிக்காவில் தலைமையகம் வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு மட்டும் தெரியாது. தேசப் பாதுகாப்பு ரகசியத்தை அந்நிய நிறுவனத்தின் சட்டப் பிரிவில் இருப்பவர்கள் படிக்கலாம், கண்மாய்க் கரையில் நிற்கிற நான் படிக்கக் கூடாது. இது எந்த ஊர் நியாயம்?

மறுபரிசீலனைக் குழு என்று ஒன்றும் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூடி, பிறப்பித்த ஆணைகள் சட்டப்படி உள்ளனவா என்று பார்க்க வேண்டும், தவறென்றால் ரத்து செய்யலாம். அதன் தலைவர் அமைச்சரவைச் செயலாளர், உறுப்பினர்கள் சட்டத் துறைச் செயலாளரும் தொலைத்தொடர்புத் துறைச் செயலாளரும். அரசு போட்ட ஆணையை அரசின் செயலாளர்களே கூடிப் பார்க்கிறார்கள். படம் எடுத்தவரை அந்த அறைக்குள் அழைப்பதற்கு விதியில் ஒரு வரிகூடக் கிடையாது.

உச்ச நீதிமன்றம் இதைத் தெரியாமல் அனுமதித்துவிடவில்லை. 2015 மார்ச் 24-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்த அதே தீர்ப்பில்தான் 69ஏ பிரிவு செல்லும் என்றது. ஏன் செல்லும் என்று விளக்கியது. காரணங்கள் எழுத்தில் பதிவாக வேண்டும், அப்போதுதான் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் அவற்றை எதிர்க்க முடியும். தளத்தை மட்டுமல்ல, தகவலை வெளியிட்டவர் யார் என்று தெரிந்தால் அவரையும் கேட்க வேண்டும். இந்தப் பாதுகாப்புகள் இருப்பதால் பிரிவு தப்பியது. எனக்குக் காட்டாத காரணத்தை நான் எப்படி எதிர்ப்பேன்? என் பெயரும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் அந்தக் கணக்கிலேயே இருக்கின்றன. அடையாளம் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரிவைக் காப்பாற்றிய நிபந்தனையை மட்டும் கழற்றி எறிந்துவிட்டுப் பிரிவை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாட்சி உண்டு. 2025 ஏப்ரல் இறுதியில் லக்னோவைச் சேர்ந்த 4பிஎம் செய்தி அலைவரிசை யூடியூபில் முடக்கப்பட்டது. எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் கொண்ட அலைவரிசை அது. ஒரு படம் அல்ல, மொத்த அலைவரிசையும், அதன் பழைய பேச்சு அத்தனையும் சேர்ந்து இந்தியாவில் மறைந்தது. ஆசிரியர் சஞ்சய் சர்மாவுக்குத் தளத்திடமிருந்து கிடைத்தது, தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற அதே பொதுச் சொற்கள்தான். ஆணை கையில் இல்லை, நோட்டீஸ் வரவில்லை, விசாரணை நடக்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஆணையைக் கொடுங்கள், விதி 8, 9, 16 ஆகியவற்றை இப்படிப் பயன்படுத்துவது செல்லாது என்று கேட்டார். மே 5-ஆம் தேதி நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. மே 13-இல் வழக்கு மீண்டும் வந்தபோது, முடக்க ஆணை திரும்பப் பெறப்பட்டுவிட்டது என்று அவருடைய வக்கீல் கபில் சிபல் தெரிவித்தார்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஏப்ரலில் தேசத்தின் பாதுகாப்புக்கு ஆபத்தாக இருந்த அலைவரிசை, மே நடுவில் ஆபத்தில்லாததாகிவிட்டது. இடையில் நீதிமன்றம் அரசிடம் பதில் கேட்டிருந்தது. நாட்டுக்கு உண்மையாகவே ஆபத்து இருந்திருந்தால், மூடிய உறையிலாவது அந்தக் காரணத்தை நீதிபதிகளிடம் கொடுத்திருப்பார்கள். திரும்பப் பெற்றுக்கொண்டு போனார்கள். உச்ச நீதிமன்றம் வரை போகிற வசதி அவருக்கு இருந்தது. போக முடியாதவர்களின் படங்கள்மேல் அந்த வாசகம் இன்னமும் கிடக்கிறது.

தமிழ்நாட்டில் நமக்கு இது தெரியாததல்ல. 2025 பிப்ரவரி 15-ஆம் தேதி விகடன் இணையதளம் பல வாசகர்களுக்குத் திறக்கவில்லை. அங்கே பிரச்சினையானது காணொளி அல்ல, ஒரு கேலிச்சித்திரம். ஆனால் நடந்த முறை இதேதான். அதிகாரபூர்வமாகத் தங்களுக்கு எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்று விகடன் சொன்னபோது தளம் ஏற்கெனவே பலருக்கு முடங்கியிருந்தது. நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த நிறுவனத்துக்கே முதலில் வாசகர்கள் சொல்லித்தான் தெரிந்தது. மார்ச் 6-இல் சென்னை உயர் நீதிமன்றம், அந்த ஒரு சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, தளத்தைத் திறக்க வழிசெய்தது. ஒரு பக்கத்தின்மேல் புகார் இருந்தால் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்ற சின்ன நியாயத்துக்கே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

தனியாளாகப் போராடியவரும் உண்டு. தனுல் தாக்கூர் என்பவர் வரதட்சணையைக் கேலி செய்து ஓர் இணையதளம் நடத்தினார். மாப்பிள்ளையின் படிப்பையும் சம்பளத்தையும் போட்டால் எவ்வளவு கேட்கலாம் என்று கணக்குச் சொல்லும் தளம், வரதட்சணை வாங்குகிறவர்களை வெட்கப்பட வைப்பதற்காகச் செய்தது. 2018-இல் அதை முடக்கினார்கள். காரணம் கேட்டார், ரகசியம் என்றார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2022 மே மாதம், ஆணையின் நகலை அவருக்குக் கொடுங்கள், அவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு நகல் வாங்க ஏறத்தாழ நான்கு ஆண்டு. கொடுத்ததால் தேசப் பாதுகாப்பு எங்கேயும் குலைந்துபோகவில்லை. அப்படியானால் முதல் நாளே ஏன் கொடுக்கவில்லை?

2025 மார்ச்சில் மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியையே கையில் எடுத்தது. ஆளை அடையாளம் காண முடிந்தால் அவருக்கு நோட்டீஸ் கொடுக்கத்தானே வேண்டும் என்ற கருத்து விசாரணையின்போது அமர்விலிருந்தே வந்தது. விசாரணையில் வாய்மொழியாகச் சொல்வது தீர்ப்பாகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பத்தாண்டுக்கு முன் எழுதிக் கொடுத்ததையே மறுபடியும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு கொதிக்கிறது.

அந்த வாசகத்தின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். மேல்விவரத்துக்கு வெளிப்படைத்தன்மை அறிக்கையைப் பாருங்கள் என்கிறதே, போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொகுக்கிற எண்ணிக்கை அது. எந்த நாட்டிலிருந்து எத்தனை கோரிக்கை, எந்தக் காரணம், நிர்வாகத்திடமிருந்து எத்தனை, நீதிமன்றத்திடமிருந்து எத்தனை என்று வரைபடம் வரைந்திருக்கும். உங்கள் படத்தின் இணைப்பை அங்கே போட்டுத் தேட வழி கிடையாது. ஆர்வலர்களுக்குப் பயன்படும் அறிக்கைதான், அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முடக்கப்பட்ட ஒரு படத்தின்மேல், மேல்விவரம் இங்கே இருக்கிறது என்று எழுதி ஒருவரை அங்கே அனுப்புவது பொய். அந்தப் படத்தைப் பற்றி ஒரு சொல்கூட அங்கே இல்லை. நீதிமன்ற உத்தரவுகள் பலவற்றின் நகல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய லூமென் தரவகத்துக்கு அனுப்பப்படுகிறது, lumendatabase.org என்ற முகவரியில் தேடிப் பார்க்கலாம். 69ஏ ஆணைகளை அங்கே தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

என்னைப் போல் அடிபட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கோபத்தில் அந்தப் படத்தை நீங்களே நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் அரசு தடுத்ததற்கான தடயம் உங்கள் கையாலேயே அழிந்துபோகும், உங்கள் வழக்கும் அதோடு போகும். இந்தியாவிலிருந்து திறந்தால் வரும் வாசகத்தை முழு முகவரியும் தேதியும் நேரமும் தெரியும்படி படம்பிடித்து வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவரை அதே நாளில் திறந்து, ஓடுகிறது என்பதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், முடக்கம் இந்தியாவுக்குள் மட்டும் என்பதற்கு அது சான்று. வந்த மின்னஞ்சலை அச்செடுத்தால் போதாது, கணக்கிலும் அழியாமல் வைத்திருங்கள். மூலக் காட்சிகளை வெட்டாமல் தனியே சேமியுங்கள், எந்தச் சொல்லுக்காகத் தடுத்தார்கள் என்று ஒரு நாள் தெரியவந்தால் அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன பேசப்பட்டது என்று காட்ட அதுதான் உதவும். எந்தச் சட்டப் பிரிவு, எந்தத் தேதியிட்ட ஆணை என்ற இரண்டை மட்டுமாவது சொல்லும்படி தளத்துக்கு எழுத்தில் கேளுங்கள். மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தில் இதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரிக்கும் எழுதுங்கள். பதில் வராது. வராத பதில்தான் 226-ஆம் பிரிவின்கீழ் ரிட் மனுவில் உங்கள் முதல் ஆவணம்.

வேறு வழியில் மறுபடி ஏற்றிவிடலாம், பெயரை மாற்றி இன்னொரு கணக்கில் போடலாம் என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். நான் ஏன் ஒளிந்துகொண்டு போட வேண்டும்? நான் கள்ளக்கடத்தல் செய்யவில்லை. பொதுச் சாலையில், பகல் வெளிச்சத்தில், பேசச் சம்மதித்தவர்களை, என் பெயரைப் போட்டுப் படமெடுத்தேன்.

தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். படத்தில் ஒரு பொய் இருந்தால் எடுத்துக்காட்டுங்கள், திருத்துகிறேன். யாராவது கலவரத்துக்கு அழைத்திருந்தால் அந்த நிமிடத்தைச் சொல்லுங்கள், நானே வெட்டுகிறேன். வழக்குப் போடுங்கள், கூண்டில் ஏறி நிற்கிறேன். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் குற்றப்பத்திரிகையின் நகல் கிடைக்கிற நாடு இது. எனக்கும் அந்த அப்பத்தாவுக்கும் ஒரு தாள் இல்லையா?

உண்மையான ரகசியம் ஒன்று இருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ராணுவ நகர்வைக் காட்டும் படம் இருக்கலாம், உளவு சொன்னவரின் பெயர் ஆணையில் இருக்கலாம். அந்த வரிகளைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு மீதியைக் கொடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்திலேயே அப்படிப் பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறது. ஒரு வரியை மறைக்க வேண்டும் என்பதற்காக முழு ஆணையையும் மறைப்பதும், ஆணை என்று ஒன்று இருப்பதையே மறைப்பதும் பாதுகாப்பு அல்ல, அநியாயம்.

நாடாளுமன்ற உறுப்பினர்களே, எங்கள் ஓட்டை வாங்கிப் போனவர்களே, இரண்டு திருத்தங்கள் கேட்கிறோம். 2009 விதிகளில், தடுக்கப்பட்ட தகவலை வெளியிட்டவருக்கு ஆணையின் நகலும் காரணமும் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும், அவசர முடக்கத்திலும் 48 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். விதி 16-இன் ரகசியம் அவருக்குப் பொருந்தாது என்று எழுதச் சொல்லுங்கள். அதுவரை திரையில் அந்த வாசகத்தைப் பார்க்கிறவர்களே, அதைக் குற்றத்தீர்ப்பாகப் படித்துவிடாதீர்கள். எந்த நீதிபதியும் அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை, எடுத்தவரை யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்கவும் வேண்டியதில்லை. அவரைத் தெரிந்தால் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேளுங்கள்.